பிரவுனி வெந்ததா? குச்சியை எங்கே குத்தினீர்கள்?

முதல் முறை பிரவுனி செய்தபோது செய்முறையில் சொன்னதை எல்லாம் அப்படியே செய்தேன், ஒன்றைத் தவிர. அதில் எட்டு அங்குலச் சதுர டின் என்று போட்டிருந்தது. என்னிடம் ஆறு அங்குல டின்தான் இருந்தது. வீட்டு ஓடிஜியும் சின்னது, பெரிய டின் வைத்தால் சுவரை இடிக்கும். ரெண்டு அங்குலம்தானே குறைகிறது என்று முழுக் கலவையையும் அதிலேயே ஊற்றிவிட்டேன். இருபத்தைந்து நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். நான் தாராளமாக முப்பது நிமிடம் வைத்து, குச்சி விட்டுப் பார்த்து, சுத்தமாக வந்ததும் வெளியே எடுத்தேன். ஆறின பிறகு நடுவில் கத்தியை இறக்கினால் உள்ளே சாக்லேட் கஞ்சி. ஓரமோ பிஸ்கட் மாதிரி நொறுங்கியது.

சித்தி எட்டிப் பார்த்தார். "வேகலையே டா."

"குச்சி சுத்தமா வந்துச்சு சித்தி."

"எங்க குத்தின?"

ஓரத்துக்குப் பக்கத்தில் குத்தியிருந்தேன். நடுவில் குத்தினால் மேலே இருக்கிற பளபளப்பான தோல் கெட்டுவிடும் என்ற கவலை. சித்தி இட்லி வெந்ததா என்று பார்க்க ஈர்க்குச்சியை நட்ட நடுவில்தான் இறக்குவார். இட்லிக்குத் தெரிந்த அந்தச் சின்ன விஷயம் எனக்கு ஓவன் முன்னால் நிற்கும்போது மறந்துவிட்டது.

ஆனால் குத்திய இடம் மட்டும் தப்பு இல்லை. டின் தப்பு, அதனால் நேரம் தப்பு. அதோடு ஓவன் காட்டிய சூடும் பொய் என்று பிறகுதான் தெரிந்தது. இந்த மூன்றும் எப்படிப் பின்னிக்கொண்டிருக்கின்றன என்று புரிந்துவிட்டால், கையில் இருக்கும் எந்தச் செய்முறையையும் நம் வீட்டு டின்னுக்கும் நம் ஓவனுக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். பிரவுனியை வைத்தே விளக்குகிறேன். மஃபின் எங்கே வேறுபடுகிறது என்று கடைசியில் பார்க்கலாம்.

கலவை எவ்வளவு ஆழம்?

நான் இப்போது வழக்கமாகச் செய்யும் அளவு இது. வெண்ணெய் 140 கிராம், டார்க் சாக்லேட் 170 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை 3, மைதா 90 கிராம், கோகோ பவுடர் 25 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயையும் சாக்லேட்டையும் சேர்த்து உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். முட்டையையும் சர்க்கரையையும் இரண்டு மூன்று நிமிடம் நன்றாக அடித்து, அதில் சாக்லேட்டை ஊற்றிக் கலந்து, கடைசியாக மைதாவையும் கோகோவையும் சலித்துச் சேர்த்து, மாவு மறையும் வரை மட்டும் கிளறினால் போதும். பேக்கிங் பவுடர் கிடையாது. எட்டு அங்குல டின்னில் 175 டிகிரி செல்சியஸில் இது ஏறக்குறைய 25 நிமிடத்தில் வேகும்.

'ஏறக்குறைய' என்ற வார்த்தைக்குள் ஒளிந்திருப்பது டின்னின் பரப்பு. எட்டு அங்குலச் சதுரம் என்றால் எட்டை எட்டால் பெருக்கி 64 சதுர அங்குலம். ஆறு அங்குலச் சதுரம் 36 தான். பெயரில் இரண்டு அங்குலம்தான் வித்தியாசம், ஆனால் இடம் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. அதே கலவையை அந்தச் சின்ன இடத்தில் ஊற்றினால் அது மேலே ஏறித்தானே ஆக வேண்டும்? எட்டு அங்குல டின்னில் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக நின்ற கலவை, ஆறு அங்குலத்தில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு நின்றது.

சூடு வெளியே இருந்து உள்ளே போகிறது. டின்னின் அடி, பக்கச் சுவர், மேலே காற்று என்று எல்லாப் பக்கமும் இருந்து நடுவை நோக்கி நகர்கிறது. பிரவுனிக் கலவை கெட்டியானது, தண்ணீரைப் போலக் கொதித்துச் சுழன்று சூட்டைப் பரப்பாது. ஆகவே நடுப்பகுதி தன் முறை வரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆழம் இரட்டிப்பானால் அந்தக் காத்திருப்பு இரட்டிப்புக்கும் மேல் போகும். அதற்குள் ஓரத்துக்கு என்ன ஆகும் என்பதுதான் சிக்கல்.

இட்லியில் இந்தச் சிக்கல் இல்லை. இட்லிப் பானையில் இருப்பது நீராவி, அதன் சூடு நூறு டிகிரியைத் தாண்டுவதில்லை, ஈரமும் கூடவே இருக்கிறது. ஐந்து நிமிடம் கூடுதலாக வைத்தால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. ஓவனில் இருப்பது 175 டிகிரி உலர்ந்த காற்று. வெந்து முடிந்த ஓரத்தை அது விட்டுவைப்பதில்லை, தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். என் முதல் பிரவுனியில் ஓரம் பிஸ்கட்டாகவும் நடு கஞ்சியாகவும் ஆனது அதனால்தான்.

சரி, ஆறு அங்குல டின் மட்டும்தான் இருக்கிறது என்றால்? கலவையைப் பாதியாக்கிவிடுங்கள். ஒன்றரை முட்டை எப்படி எடுப்பது என்று கேட்பீர்கள். மூன்று முட்டையையும் உடைத்து, மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகும்படி அடித்து, தராசில் வைத்துப் பாதி எடையை எடுத்துக்கொள்ளலாம். மீதியை ஆம்லெட் போட்டுவிடலாம். பாதிக் கலவை ஆறு அங்குல டின்னில் ஏறக்குறைய பழைய ஆழத்துக்கே வரும், கொஞ்சம் கம்மியாக இருக்கும். 20 நிமிடத்தில் இருந்தே பார்க்க ஆரம்பிக்க வேண்டும்.

இல்லை, முழுக் கலவையையும் அதில்தான் செய்வேன், தடியான பிரவுனிதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. சூட்டை 160க்குக் குறைத்து நேரத்தைக் கூட்ட வேண்டும். சூடு குறைவாக இருந்தால் ஓரம் மெதுவாகக் காயும், நடுப்பகுதிக்கு எட்டிப்பிடிக்க அவகாசம் கிடைக்கும். முக்கால் மணி நேரம் வரைகூட ஆகலாம். மேலே ரொம்பக் கருத்தால் ஒரு அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிடலாம். இருந்தாலும் ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசம் முழுதாகப் போகாது. எனக்கு இது பிடித்த வழி இல்லை.

எதிர்ப்பக்கம் தப்பு செய்கிறவர்களும் உண்டு. ஒன்பது அங்குலச் சதுரம் 81 சதுர அங்குலம், எட்டு அங்குலத்தைவிடக் கால் பங்குக்கு மேல் பெரியது. கலவை மெல்லிசாகப் பரவும், 18 நிமிடத்திலேயே வெந்துவிடலாம். செய்முறையை நம்பி 25 நிமிடம் விட்டால் கையில் கிடைப்பது சாக்லேட் வறட்டி.

வட்ட டின் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். எட்டு அங்குலச் சதுரத்துக்குச் சமம் ஒன்பது அங்குல வட்டம். எட்டு அங்குல வட்டம் இல்லை, அதன் பரப்பு 50தான், மூலைகள் நான்கும் போய்விட்டனவே.

டின்னின் அட்டையில் போட்டிருக்கும் அளவை நம்பாமல் ஒரு தடவை ஸ்கேல் வைத்து அளந்துவிடுவது நல்லது. நான் பிறகு வாங்கிய 'எட்டு அங்குல' டின்னை உள்பக்கம் அளந்தால் ஏழரைதான் இருந்தது. விளிம்பின் மடிப்பையும் சேர்த்து எட்டு என்று போட்டிருந்தார்கள். அந்த அரை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு இடம் போய்விடுகிறது. விநோத வடிவ டின்னாக இருந்தால் அளவுகோல் வேண்டாம், தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இரண்டு அங்குல உயரமுள்ள எட்டு அங்குலச் சதுர டின் சுமார் இரண்டு லிட்டர் பிடிக்கும். உங்கள் டின்னும் அதே உயரமாக இருந்து ஒரு லிட்டர்தான் பிடிக்கிறது என்றால் பாதிக் கலவை போதும். டின்னில் தண்ணீர் ஒழுகுகிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும், அடி கழலும் டின்களில் ஒழுகத்தான் செய்யும்.

டின் எதனால் ஆனது என்பதும் கணக்கில் வரும். வெளிர் நிற அலுமினியம் சீராகச் சூடாகும், புதிதாகச் செய்கிறவர்களுக்கு அதுதான் வசதி. கறுப்புப் பூச்சுள்ள நான்ஸ்டிக் டின் சூட்டை அதிகம் வாங்கிக்கொள்வதால் அடியும் ஓரமும் சீக்கிரம் கருக்கும். கண்ணாடிப் பாத்திரம் சூடாக நேரம் எடுக்கும், ஆனால் ஒரு முறை சூடானால் வெளியே எடுத்த பிறகும் லேசில் ஆறாது, உள்ளே இருப்பது வெந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டுக்கும் 15 டிகிரி குறைத்து வைக்கலாம். எதுவானாலும் அடியில் பட்டர் பேப்பர் போட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி போல நீட்டி விட்டுவிட்டால் பிரவுனியை அப்படியே தூக்கி எடுக்கலாம்.

ஓவன் சொல்லும் 180 உண்மையில் எவ்வளவு?

பிரவுனி அமெரிக்கப் பண்டம். அதனால்தான் டின் அங்குலத்திலும் சூடு ஃபாரன்ஹீட்டிலும் வருகின்றன. 350 என்று பார்த்துவிட்டு ஓடிஜியின் குமிழைத் திருப்பினால் அது பெரும்பாலும் 250க்கு மேல் போகாது. உடனே கடைசி வரை திருப்பிவைத்துக் கருக்கியவர்களை எனக்குத் தெரியும். 350 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 177 டிகிரி செல்சியஸ். அதைத்தான் சிலர் 175 என்றும் சிலர் 180 என்றும் எழுதுகிறார்கள். அந்த ஐந்து டிகிரியால் ஒன்றும் ஆகாது.

ஆவது எதனால் என்றால், குமிழில் 180 என்று வைத்தாலும் உள்ளே 180 இருப்பதில்லை. ஓவனுக்குள் வைக்கிற சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று கிடைக்கும், கம்பித் தட்டில் தொங்கவிடலாம். அதை வாங்கி வைத்தபோதுதான் என் ஓடிஜியின் குணம் தெரிந்தது. 180இல் வைத்தால் உள்ளே 205 காட்டியது. இத்தனை நாளும் என் பிரவுனியின் ஓரம் ஏன் அவசரப்பட்டது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போது குமிழை 155க்குப் பக்கத்தில் வைக்கிறேன், உள்ளே 175க்குக் கொஞ்சம் மேலே கீழே நிற்கிறது. உங்கள் ஓவன் வேறு மாதிரி பொய் சொல்லலாம், குறைத்தும் காட்டலாம். ஒரு தடவை அளந்து, குமிழுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிட்டால் கவலை இல்லை.

தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இன்னொன்றும் தெரியும். சூடு ஒரே இடத்தில் நிற்காது. கம்பி சிவந்து எரியும், அணையும், மறுபடி எரியும். முள்ளும் அதற்கேற்ப ஏறி இறங்கும். இது கோளாறு இல்லை, தெர்மோஸ்டாட் வேலை செய்கிற விதமே அப்படித்தான். அதனால் ஒரு நொடியில் காட்டும் எண்ணைப் பார்க்காமல், பத்துப் பதினைந்து நிமிடம் கவனித்து நடுவாக எவ்வளவு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

முன்கூட்டியே சூடாக்குவதையும் பலர் அரைகுறையாகச் செய்கிறார்கள். விளக்கு அணைந்ததும் தயார் என்று நினைக்கிறோம். காற்றுதான் அப்போது சூடாகியிருக்கும், உள்சுவரும் கம்பித் தட்டும் இன்னும் முழுதாகச் சூடாகியிருக்காது. கதவைத் திறந்து குளிர்ந்த டின்னை வைத்ததும் அந்தச் சூடான காற்று வெளியே போய்விடும். பிறகு கம்பிகள் முழு வேகத்தில் எரிந்து இழந்ததைப் பிடிக்கும், அப்போது மேல்பகுதி நேரடி அனலில் வாடும். விளக்கு அணைந்த பிறகும் பத்து நிமிடம் விடுங்கள்.

சின்ன ஓடிஜியில் கம்பிகள் டின்னுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும். தட்டின் உயரத்தை டின்னை வைத்துப் பார்க்க வேண்டும், டின்னின் பாதி உயரம் ஓவனின் நடுவில் வர வேண்டும். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய வேண்டும். மேலே சீக்கிரம் கருத்தால் டின்னை ஒரு படி கீழே இறக்குங்கள். விசிறி ஓடும் ஓவனாக இருந்தால் சூடான காற்று பிரவுனியின் மேல் நகர்ந்துகொண்டே இருப்பதால் வேகம் அதிகம், செய்முறையில் சொன்னதைவிட 15 அல்லது 20 டிகிரி குறைக்கலாம். கன்வெக்ஷன் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே. கன்வெக்ஷனில் வைத்தால் உலோக டின் தாராளமாக உள்ளே போகலாம். மைக்ரோவேவிலோ இரண்டும் கலந்த முறையிலோ வைத்துவிட்டு உலோக டின்னை உள்ளே தள்ளிவிடக் கூடாது, ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

குச்சியில் என்ன ஒட்டியிருக்கிறது?

இப்போது குச்சிக்கு வருவோம். டூத்பிக் என்று கடையில் கிடைக்கும் மரக்குச்சி போதும். வீட்டில் சுத்தமான ஈர்க்குச்சி இருந்தால் அதுவும் ஆகும். கத்தி நுனியையோ ஸ்டீல் கம்பியையோ நான் பரிந்துரைக்க மாட்டேன். வழவழப்பான உலோகத்தில் ஒட்ட வேண்டியதும் ஒட்டாமல் வழுக்கிவிடும், வேகாததை வெந்தது என்று காட்டும். மரத்தின் சொரசொரப்புதான் நமக்கு வேண்டிய சாட்சி.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். பச்சைக் கலவை என்பது முட்டை, கரைந்த சர்க்கரை, உருகிய வெண்ணெய், சாக்லேட் எல்லாம் சேர்ந்த கெட்டித் திரவம். அதில் மைதா மிதக்கிறது. சூடு ஏற ஏற முட்டை இறுகத் தொடங்குகிறது, மைதாவின் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து வீங்குகிறது. சர்க்கரை அதிகமாக இருப்பதால் இந்த இரண்டும் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் நடக்கின்றன. நடந்து முடிந்ததும் திரவமாக இருந்தது பிடிப்புள்ள ஒன்றாக மாறுகிறது. அதற்கு மேலும் ஓவனில் விட்டால் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், பிரவுனி காயும்.

குச்சி இந்த மூன்று நிலையையும் காட்டும். முதல் நிலையில் குச்சியில் பளபளப்பான பூச்சு வரும், ஈரப் பெயிண்டில் விட்டு எடுத்த மாதிரி வழுவழுவென்று இருக்கும். விரலால் தொட்டால் இழுபடும். வேகவில்லை. இரண்டாம் நிலையில் பூச்சு இருக்காது, அங்கங்கே ஈரமான துணுக்குகள் ஒட்டியிருக்கும். விரலால் உருட்டினால் அவை சின்ன உருண்டையாகச் சேரும், கூழாக வழியாது. பிரவுனியை எடுக்க வேண்டிய நேரம் இதுதான். மூன்றாம் நிலையில் குச்சி போன மாதிரியே சுத்தமாக வரும். கேக்குக்கு அது வெற்றி. பிரவுனிக்கு நேரம் கடந்துவிட்டது.

ஏன் கேக்கும் பிரவுனியும் இப்படி வேறுபடுகின்றன என்பதுதான் புதிதாகச் செய்கிற எல்லோரையும் குழப்பும் இடம். நம் அளவை மறுபடி பாருங்கள். மைதா 90 கிராம்தான். வெண்ணெயும் சாக்லேட்டும் சேர்ந்து 310 கிராம். பிரவுனியின் உடம்பில் கணிசமான பங்கு, சூட்டில் உருகி ஆறினால் இறுகும் கொழுப்பு. வெண்ணெயும் சாக்லேட்டில் உள்ள கோகோ கொழுப்பும் நம் உடம்புச் சூட்டுக்குப் பக்கத்திலேயே உருகிவிடும். ஓவனில் இருந்து எடுத்த பிரவுனியின் நடு எண்பது தொண்ணூறு டிகிரியில் இருக்கும்போது அந்தக் கொழுப்பு முழுக்கத் திரவம். ஆகவே சரியாக வெந்த பிரவுனிகூடச் சூட்டில் ஈரமாக, தளர்வாகத்தான் தெரியும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு கொழுப்பு இறுகி அது கெட்டிப்படும். சூட்டிலேயே குச்சி சுத்தமாக வருகிற அளவுக்கு விட்டால், ஆறின பிறகு இந்த இறுக்கமும் சேர்ந்துகொண்டு பிரவுனி கட்டியாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. வெளியே எடுத்ததும் வேவது நின்றுவிடாது. டின்னும் ஓரமும் நடுவைவிடச் சூடாக இருப்பதால் சில நிமிடங்களுக்கு உள்ளே சூடு போய்க்கொண்டே இருக்கும். ஈரத் துணுக்கு நிலையில் எடுத்தால் அந்த மிச்சச் சூடு வேலையை முடித்துவிடும்.

சரி, எங்கே குத்துவது? எட்டு அங்குல டின்னில் நான் இரண்டு இடத்தில் பார்ப்பேன். முதலில் ஓரத்தில் இருந்து இரண்டு அங்குலம் தள்ளி. அங்கே சில துணுக்குகள் மட்டும் ஒட்ட வேண்டும். அடுத்து நடு. அங்கே இன்னும் கொஞ்சம் ஈரமான துணுக்குகள் வரலாம், ஆனால் பளபளக்கும் பூச்சு வரக் கூடாது. ஓரத்தை ஒட்டிக் குத்துவதில் பயனே இல்லை, அது எப்போதோ வெந்துவிட்டது. குச்சியை அடி தொடும் வரை செங்குத்தாக இறக்கி, நேராக எடுக்க வேண்டும். மேலே உள்ள மெல்லிய தோலைக் கடந்து வரும்போது ஒட்டியது துடைபட்டுப் போக வாய்ப்பு உண்டு, அதனால் குச்சியின் நுனியைவிட நடுப்பகுதியை நன்றாகப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் புதுக் குச்சியால் அரை அங்குலம் தள்ளி இன்னொரு குத்து. பழைய குச்சியையே துடைத்துப் பயன்படுத்தினால் எது பழையது எது புதியது என்று தெரியாது.

சாக்லேட் துண்டுகள் போட்டிருந்தால் குச்சி ஏமாற்றும். உருகிய துண்டில் போய்க் குத்தினால் கறுப்பாக, வழவழப்பாக வரும், பச்சைக் கலவை மாதிரியே இருக்கும். விரலில் தேய்த்துப் பாருங்கள். சாக்லேட் என்றால் மென்மையாகக் கரைந்து பரவும், சற்று நேரத்தில் இறுகும். கலவை என்றால் பிசுபிசுப்பாக, மாவு வாடையோடு இருக்கும். எப்படியும் இரண்டு மூன்று இடத்தில் குத்தினால் உண்மை தெரிந்துவிடும்.

எப்போது பார்க்கத் தொடங்குவது என்பதற்கு என் கணக்கு, சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால். 25 நிமிடம் என்றால் 20இல் முதல் குத்து. போன வாரம் செய்ததைச் சொல்கிறேன். இருபதாவது நிமிடம் நடுவில் முழுப் பூச்சு, டின்னை லேசாக ஆட்டினால் நடு தளும்பியது. இருபத்து மூன்றில் தளும்பல் நின்றிருந்தது, ஓரப் பக்கக் குச்சியில் துணுக்குகள், நடுவில் இன்னும் கொஞ்சம் பூச்சு. இருபத்தாறில் நடுவிலும் பூச்சு போய் ஈரத் துணுக்குகள் மட்டும். எடுத்துவிட்டேன். பூச்சுக்கும் துணுக்குக்கும் நடுவே மூன்று நான்கு நிமிடம்தான், துணுக்குக்கும் சுத்தத்துக்கும் நடுவேயும் அவ்வளவுதான். இந்தச் சின்ன இடைவெளியில் பிடிப்பதற்குத்தான் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை பார்க்கிறோம். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து நின்று யோசிக்காமல், டின்னை வெளியே இழுத்துக் கதவை மூடிவிட்டுக் குத்திப் பார்த்தால் ஓவன் சூடு போகாது.

ஒருவேளை எடுத்த பிறகு சந்தேகம் வந்தால், இன்னும் சூடாக இருக்கும்போதே மறுபடி உள்ளே வைக்கலாம், ஐந்து நிமிடத்தில் தேறிவிடும். முழுதாக ஆறிய பிறகு நடு ஓடுகிறது என்று தெரிந்தால், ஓரங்களை வெட்டி எடுத்துவிட்டு நடுவை மட்டும் சின்னக் கிண்ணங்களில் போட்டு வேக வைப்பேன். அந்த ஈரத்தில் வேகாத முட்டை இருக்கிறது, சாக்லேட் சாஸ் என்று பெயர் வைத்துச் சமாளிக்க வேண்டாம். அதிகம் வெந்துவிட்டதற்கு மருந்து இல்லை. சூடாக்கி ஐஸ்கிரீமோடு வைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

மஃபின் மட்டும் ஏன் வேறு?

மஃபினில் மைதா அதிகம், கொழுப்பு குறைவு, பேக்கிங் பவுடர் உண்டு. அதற்கு வேண்டியது ஈரக் கட்டி இல்லை, காற்றுப் பையுள்ள பஞ்சு. ஆகவே குச்சி சுத்தமாக வர வேண்டும், இரண்டு மூன்று உலர்ந்த துணுக்கு இருந்தால் பரவாயில்லை. ஈரத் துணுக்கோடு எடுத்தால் நடு அமுங்கிவிடும். விரலால் மேலே லேசாக அழுத்தினால் பள்ளம் விழாமல் எழும்பி வர வேண்டும். வாழைப்பழ மஃபினில் பழத் துண்டில் குத்திவிட்டால் குச்சி ஈரமாகத்தான் வரும், அதற்காகப் பத்து நிமிடம் கூடுதலாக விட்டுவிடாதீர்கள். இன்னொரு மஃபினில் குத்துங்கள்.

குழிகள் சின்னவை என்பதால் சூடு சீக்கிரம் நடுவுக்குப் போய்விடுகிறது. அதனால் பிரவுனியைவிட அதிகச் சூட்டில், 190 முதல் 200 வரை வைத்து, 18 நிமிடத்தில் இருந்து பார்க்கலாம். தொடக்கத்தில் கிடைக்கும் அந்த அதிகச் சூட்டில்தான் பேக்கிங் பவுடர் வேகமாக வேலை செய்து, ஓரம் முதலில் இறுகிவிட, இன்னும் இறுகாத நடு மேலெழும்பி மேடு கட்டும். ஓவன் சூடாகும் முன்பே வைத்தால் மேடு வராது, தட்டையாகப் பரவும். குழியில் மூன்றில் இரண்டு பங்கு கலவை ஊற்றினால் போதும், விளிம்பு வரை ஊற்றினால் வழிந்து பக்கத்து மஃபினோடு ஒட்டிக்கொள்ளும். தடிமன் இல்லாத காகிதக் கப்பை வெறும் தட்டில் வைத்து ஊற்றிவிடாதீர்கள், கலவையின் எடையில் கப் அகன்று சாய்ந்துவிடும். அதற்குத்தான் குழித்தட்டு.

குழித்தட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் வேகாது. ஓடிஜியில் பின்பக்க மூலையில் இருப்பது முதலில் வெந்துவிடும், கதவுப் பக்கம் இருப்பது பின்தங்கும். பாதி நேரம் தாண்டி, மேடு இறுகிய பிறகு தட்டை ஒரு தடவை திருப்பி வைக்கலாம். குச்சியை நடுக்குழியில் ஒன்றிலும் கதவுப் பக்கம் ஒன்றிலும் விட்டுப் பாருங்கள். எடுத்ததும் ஐந்து நிமிடத்துக்குள் குழியில் இருந்து மஃபின்களைக் கழற்றிக் கம்பித் தட்டில் வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதன் ஆவியே அடியை நனைத்து ஊறவைத்துவிடும்.

பிரவுனிக்கு அப்படி இல்லை. அதை டின்னிலேயே விட்டு, இரண்டு மணி நேரம் தொடாமல் இருந்து, பட்டர் பேப்பரைப் பிடித்துத் தூக்கி, வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டினால் துண்டு நேராக வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். சித்திக்கு அந்த இரண்டு மணி நேரம் பொறுமை கிடையாது, கேட்டால் ஓரத்துத் துண்டு தனக்கு என்று அப்போதே எடுத்துவிடுவார்.